சொந்தக் காரில் டிரைவிங் கற்றுக்கொடுத்துச் சம்பாதிக்கலாமா?

கேள்வி: "மதுரையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவன், 9 வருஷமாகக் கார் ஓட்டுகிறேன். காலையில் ஆபீஸ் போவதற்கு முன் என் காரிலேயே இரண்டு மூன்று பேருக்கு டிரைவிங் சொல்லிக்கொடுத்துக் கொஞ்சம் சம்பாதிக்கலாம் என்று யோசனை. எல் போர்டு ஒட்டினால் போதுமா? எனக்குத் தனி லைசென்ஸ் வேண்டுமா? கார் இன்சூரன்ஸ் இதற்குச் செல்லுமா?"

காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தால் எல் போர்டும் கற்றுக்கொள்பவரின் எல்.எல்.ஆரும் உங்கள் லைசென்சும் போதும். காசு வாங்கினால் போதாது, அந்த நிமிஷமே சட்டமும் இன்சூரன்சும் உங்களை வேறு ஆளாகப் பார்க்கும். தென் மாவட்டம் ஒன்றில் 17 வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவன் நான். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் இன்சூரன்ஸ் சர்வேயருக்கும் பதில் சொல்லிச் சொல்லித் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. விதியில் தெளிவாக எழுதியிருப்பதையும் நானாகப் புரிந்துகொண்டதையும் தனித்தனியாகவே சொல்கிறேன்.

குழப்பத்துக்குக் காரணம், 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 'பயிற்றுநர்' என்ற சொல் இரண்டு இடத்தில் இரண்டு பொருளில் வருவதுதான். முதல் இடம் விதி 3. எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் எப்படி ஓட்டலாம் என்று சொல்கிற விதி அது. அவர் பக்கத்தில் அந்த வகை வண்டிக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள ஒருவர் இருக்க வேண்டும். அவர் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எல் இருக்க வேண்டும். பலகை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது, எழுத்தின் உயரம் 10 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஸ்டிக்கர் கடையில் விற்கிற உள்ளங்கை அளவு எல் இதில் சேராது. அப்பா மகளுக்கும், கணவர் மனைவிக்கும், நீங்கள் நண்பருக்கும் சொல்லிக்கொடுப்பது எல்லாம் இந்த விதிக்குள்தான் வருகிறது. இங்கே பயிற்றுநருக்குப் படிப்பும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம்.

இரண்டாவது இடம் விதி 24. கூலிக்கோ பிரதிபலனுக்கோ வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியையோ நிறுவனத்தையோ, படிவம் 11-இல் உரிமம் இல்லாமல் யாரும் தொடங்கவும் கூடாது, நடத்தவும் கூடாது என்கிறது அது. பகுதி நேரம், முழு நேரம் என்ற பிரிவே அதில் இல்லை. இரண்டு பேர்தானே என்று எண்ணிக்கையில் விலக்கும் கிடையாது. பயிற்றுநர் என்று தனி ஆளுக்குக் கொடுக்கும் உரிமம் எதையும் இந்த மத்திய விதிகள் சொல்லவில்லை. உரிமம் பள்ளிக்கு, பயிற்றுநர் அந்தப் பள்ளியின் ஆள். அதனால் "எனக்குத் தனி லைசென்ஸ் வேண்டுமா" என்றால், உங்கள் பெயருக்கென்று ஒரு அட்டை வேண்டியதில்லை, உரிமம் உள்ள ஒரு பள்ளிக்குள் நீங்கள் இருக்க வேண்டும். அது உங்கள் பள்ளியாகவும் இருக்கலாம், இன்னொருவர் பள்ளியாகவும் இருக்கலாம்.

உங்கள் பள்ளி என்றால் முதலில் அடிபடுவது உங்கள் கார்தான். பயிற்சிக்கு வைக்கும் வண்டி பயிற்சிக்கு மட்டுமே இருக்க வேண்டும், மோட்டார் சைக்கிள் தவிர மற்ற வண்டிகளில் டூயல் கன்ட்ரோல், அதாவது பயிற்றுநர் பக்கமும் பெடல், இருக்க வேண்டும் என்பது உரிமத்துக்கான நிபந்தனை. காலையில் மாணவருக்கும் சாயங்காலம் குடும்பத்தோடு திருப்பரங்குன்றத்துக்கும் ஒரே காரை எடுப்பது நடக்காது. அப்புறம் வகுப்பு நடத்த இடம் வேண்டும். கரும்பலகை, போக்குவரத்துச் சின்னங்களின் படம், இன்ஜின், கியர் பாக்ஸ், பிரேக் ஷூ, டிரம், பஞ்சர் கிட், ஸ்பேனர் செட், முதலுதவிப் பெட்டி, சில புத்தகங்கள் வரை வைத்திருக்க வேண்டும். ஆய்வுக்கு வருகிறவர் இதையெல்லாம் எண்ணிப் பார்ப்பார். நான் தொடங்கிய வருஷம் கியர் பாக்சுக்காகப் பழைய இரும்புக் கடையில் ஒரு நாள் முழுக்க அலைந்தேன். உரிமம் 5 வருஷத்துக்குத்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும். காலையில் இரண்டு மணி நேரம் கிடைக்கிறவருக்கு இது தாங்காது என்பது என் கணிப்பு.

பயிற்றுநருக்கான தகுதியைப் பார்த்தால் உங்களுக்கு நல்ல சேதி. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 5 வருஷ ஓட்டுநர் அனுபவம், அதோடு மோட்டார் மெக்கானிக் படிப்பின் சான்றிதழ் அல்லது இயந்திரவியலில் அதைவிட உயர்ந்த தகுதி, அதுவும் அரசு நிறுவனத்திலோ அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திலோ பெற்றது வேண்டும். நிறையப் பேர் தடுக்கி விழுவது இந்தக் கடைசி நிபந்தனையில். இருபது வருஷம் லாரி ஓட்டிய அண்ணன்கள் எத்தனையோ பேர் என்னிடம் மாஸ்டர் வேலை கேட்டு வந்திருக்கிறார்கள். ஐ.டி.ஐ. சான்றிதழ் இல்லாததால் அவர்கள் பெயரைக் காகிதத்தில் ஏற்ற முடியவில்லை. உங்கள் டிப்ளமோ 'உயர்ந்த தகுதி' என்ற வார்த்தைக்குள் வரும். கல்லூரி அங்கீகாரம் பெற்றதா என்பதை மட்டும் சான்றிதழில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டூயல் கன்ட்ரோல் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் சட்டம் ஏன் இதைக் கேட்கிறது என்பது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். இடது பக்கம் உட்காருபவரின் காலடியில் கிளட்ச், பிரேக் என்று இரண்டு பெடல் கூடுதலாக இருக்கும். ஆக்சிலேட்டர் இருக்காது. புதிதாகப் பழகுகிறவர் செய்கிற ஆபத்தான தப்பு ஒன்றுதான். குறுக்கே ஆடு வரும், பயத்தில் கால் விறைக்கும், விறைத்த கால் எந்தப் பெடல் மேல் இருக்கிறதோ அதையே தரையோடு அழுத்தும். பாதி நேரம் அது ஆக்சிலேட்டராக இருக்கும். அப்போது நான் என் பக்கத்துக் கிளட்ச்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதிப்பேன். கிளட்ச் மிதிபட்டதும் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். இன்ஜின் எவ்வளவு அலறினாலும் வண்டி நிற்கும். இது வருவதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம், மாணவரின் குதிகாலைப் பாருங்கள். குதிகால் தரையில் ஊன்றி, பாதம் மட்டும் பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் திரும்பினால் பயமில்லை. குதிகால் தூக்கியபடி காலை அந்தரத்தில் வைத்திருக்கிறார் என்றால் அடுத்த பத்து நிமிஷத்துக்குள் தப்புப் பெடலை மிதிப்பார் என்று எதிர்பார்த்தே நான் உட்காருவேன்.

டூயல் கன்ட்ரோல் இல்லாத காரில் உங்களிடம் இருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும். அது பொதுவாகப் பின் சக்கரத்தை மட்டும் பிடிக்கும். ஆக்சிலேட்டர் அழுத்தியபடி இருந்தால் வண்டி இழுத்துக்கொண்டே போகும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்பது ஆமை வேகமாகத் தோன்றும், ஆனால் ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் போய்விடும். நீங்கள் குனிந்து லீவரைப் பிடிப்பதற்குள் கார் தன் நீளத்தைவிட அதிகமாக நகர்ந்திருக்கும். இப்போது சில கார்களில் லீவரும் இல்லை, ஒரு பட்டன்தான்.

சரி, இன்சூரன்சுக்கு வருவோம். உங்கள் பாலிசிப் புத்தகத்தை எடுத்து இரண்டு பத்தியைத் தேடுங்கள். ஒன்று ஓட்டுநர் பற்றியது. செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யாரும் ஓட்டலாம், எல்.எல்.ஆர். உள்ளவரும் ஓட்டலாம், ஆனால் அவர் விதி 3-இன் நிபந்தனைகளை நிறைவேற்றியிருக்க வேண்டும் என்று அதில் இருக்கும். ஆக, எல் பலகையும் பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஆளும் போலீசுக்காக மட்டும் அல்ல, அவை இல்லாவிட்டால் பாலிசியே ஆட்டம் காணும். மற்றொன்று பயன்பாட்டின் வரம்பு. தனியார் கார் பாலிசியில் வண்டியை எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், கூலி அல்லது பிரதிபலனுக்குத் தவிர என்று தொடங்கி, சரக்கு ஏற்றுவது, பந்தயம் என்று விலக்குகள் வரிசையாக வரும். மாணவரிடம் பணம் வாங்கிக்கொண்டு உங்கள் காரை ஓட்டக் கொடுப்பது அந்த முதல் விலக்கில் போய் விழுகிறது. டிரைவிங் ஸ்கூல் காருக்குப் பயிற்சிப் பயன்பாடு என்று சொல்லி, கூடுதல் பிரீமியம் கட்டி பாலிசி எடுக்கிறோம். அது இல்லாமல் சாதாரண பாலிசியில் ஓட்டினால் கம்பெனிக்கு மறுக்க வழி திறந்தே இருக்கிறது.

மறுத்தால் என்ன ஆகும் என்பது யாருக்கு நஷ்டம் என்பதைப் பொறுத்தது. ரோட்டில் போன மூன்றாம் நபர் அடிபட்டால், பாலிசி நிபந்தனை மீறப்பட்டிருந்தாலும் முதலில் கம்பெனியே அவருக்குக் கொடுக்கட்டும், பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவது உண்டு. எல்.எல்.ஆர். என்பதும் லைசென்ஸ்தான், ஓட்டியவரிடம் எல்.எல்.ஆர். மட்டுமே இருந்தது என்ற காரணத்தால் கம்பெனி கைகழுவ முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. இதைக் கேட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். 'பிறகு வசூலிக்கட்டும்' என்றால் உங்களிடம் வசூலிக்கட்டும் என்று அர்த்தம். உயிர்ச்சேத வழக்கில் அந்தத் தொகை லட்சங்களில் வரும். உங்கள் சொந்தக் கார் சேதத்துக்கு இந்தப் பாதுகாப்பும் கிடையாது, நிபந்தனை மீறல் என்று ஒரு கடிதத்தோடு முடித்துவிடுவார்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் கதை இது. ஊர், பெயர் வேண்டாம். ஸ்கூல் வாத்தியார், லீவு நாளில் தன் காரில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்தார். 4,000 ரூபாய் பேச்சு, பாதி முன்பணம். ஏழாம் நாள், டீக்கடை முன்னால் ஓரம் கட்டச் சொன்னபோது மாணவர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தார். நின்றிருந்த இரண்டு பைக்கைச் சாய்த்து, கார் மின்கம்பத்தில் மோதியது. நல்லவேளை, ஆள் யாரும் இல்லை. கார் பில் மட்டும் 62,000. எல்.எல்.ஆர். இருந்தது, எல் பலகையும் இருந்தது, அதனால் ஓட்டுநர் பத்தியில் சிக்கல் இல்லை. சர்வேயர் வந்தார், மாணவரிடம் சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தார். "சார் உங்களுக்குச் சொந்தமா?" "இல்லை சார், மாஸ்டர்கிட்ட கத்துக்கிறேன்." "எவ்வளவு ஃபீஸ்?" அவர் வெள்ளந்தியாகத் தொகையைச் சொல்லிவிட்டார், முன்பணம் போன ஸ்கிரீன்ஷாட்டையும் காட்டினார். கிளெய்ம் அங்கேயே முடிந்தது. கார் பில்லையும் பைக்காரர்களுக்குக் கொடுத்ததையும் கூட்டினால், அவர் பதினைந்து பேருக்குச் சொல்லிக்கொடுத்தால் கிடைக்கிற பணத்தைவிட அதிகம். உறவினர் என்று பொய் சொல்லியிருக்கலாமே என்று சிலர் அவரிடம் சொன்னார்கள். பொய்த் தகவலோடு கிளெய்ம் போடுவது இன்னொரு குழி. அந்த யோசனையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

"அப்படியானால் மாணவரின் சொந்தக் காரிலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன்" என்பார்கள். லைசென்ஸ் எடுத்துவிட்டு வண்டியைத் தொடப் பயப்படுகிறவர்கள் பலர் இப்படிக் கேட்கிறார்கள். இங்கே நிலைமை கொஞ்சம் மங்கலானது. கார் அவருடையது, கூலிக்கு விடப்படுவது கார் அல்ல, உங்கள் நேரம்தான். அதனால் இன்சூரன்சின் கூலி விலக்கு பொருந்தாது என்று வாதாட இடம் இருக்கிறது. அவரிடம் முழு லைசென்ஸ் இருந்தால் விதி 3-உம் குறுக்கே வராது. ஆனால் விதி 24 வாகனம் யாருடையது என்று கேட்கவில்லை, கூலிக்குக் கற்றுக்கொடுக்கும் 'நிறுவனம்' என்கிறது. வீடு வீடாகப் போகும் ஒற்றை ஆள் நிறுவனமா என்று கேட்டால், தொடர்ந்து செய்து, வாட்ஸ்அப்பில் விளம்பரமும் போட்டால் நிறுவனம் என்றே அதிகாரி எடுத்துக்கொள்வார் என்பது என் எண்ணம். இது என் புரிதல்தான், உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். எல்.எல்.ஆர். மட்டும் உள்ளவர், டூயல் கன்ட்ரோல் இல்லாத அவர் கார், பக்கத்தில் காசு வாங்கிய நீங்கள் என்றால் நான் அந்தப் பக்கமே போக மாட்டேன்.

உங்கள் நிலைமையில் எனக்குச் சரியாகப் படுவது, உரிமம் உள்ள ஒரு டிரைவிங் ஸ்கூலில் காலை நேர மாஸ்டராகச் சேர்வது. காலை 6 முதல் 9 மணி வரை எல்லா ஸ்கூலுக்கும் நெருக்கடி நேரம், ஆள் கிடைக்காமல் திண்டாடுவோம். கணக்கு இப்படி. தனியார் கார் போன்ற போக்குவரத்து அல்லாத வண்டிக்குப் பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது, அதில் நிஜமாக ஓட்டும் நேரம் 10 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்று விதி 31 சொல்கிறது. ஒரு நாளைக்கு அரை மணி என்றால் 21 நாளில் பத்தரை மணி, கணக்கு சரியாகிவிடும். 6 மணிக்குத் தொடங்கினால் எட்டரைக்குள் ஐந்து பேர். என் ஸ்கூலில் கடைசியாகக் காலை மாஸ்டருக்கு ஒரு வகுப்புக்கு 100 ரூபாய் கொடுத்தேன். மாதம் 25 நாள் என்றால் 12,500. பெட்ரோல், டயர், கிளட்ச் பிளேட் எல்லாம் ஓனர் தலைவலி. புதியவர்கள் கையில் கிளட்ச் பிளேட் எவ்வளவு சீக்கிரம் தேயும் என்று ஒருமுறை பார்த்தால், சொந்தக் காரைக் கொடுக்கும் ஆசையே போய்விடும்.

சேரும் முன் ஓனரிடம் கூச்சப்படாமல் காகிதம் கேளுங்கள். படிவம் 11 உரிமம் சுவரில் மாட்டியிருக்க வேண்டும், அதன் முடிவுத் தேதியைப் பாருங்கள். பயிற்றுநர் பட்டியலில் உங்கள் பெயரை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவித்து ஏற்றச் சொல்லுங்கள். வேறொருவர் சான்றிதழைக் காட்டி உரிமம் வாங்கிவிட்டு உங்களைச் சொல்லிக்கொடுக்க வைத்தால், பெயர் பட்டியலில் இல்லாத மாஸ்டர்தான் அங்கே மாட்டுவார். காரின் பாலிசியில் பயிற்சிப் பயன்பாடு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, பலரும் கேட்க மறக்கும் ஒன்று இருக்கிறது. விபத்தில் ஸ்டியரிங் பிடித்திருப்பது மாணவர், பக்கத்து சீட்டில் இருப்பது நீங்கள். நீங்கள் பாலிசியின் பார்வையில் பயணியும் இல்லை, ஓட்டுநரும் இல்லை என்ற நிலை வரலாம். ஓனரின் சம்பள ஆட்களுக்கான பொறுப்பைக் கூடுதல் பிரீமியத்துக்குச் சேர்க்க முடியும், அது சேர்த்திருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் உங்கள் பெயரில் ஒரு தனிநபர் விபத்துப் பாலிசி எடுத்துவிட்டுச் சேருங்கள். உங்கள் கம்பெனி வேறு வேலை பார்க்க அனுமதிக்கிறதா என்பதையும் நியமன உத்தரவில் ஒரு தடவை பாருங்கள்.

இன்னொரு வதந்தியையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். டிரைவிங் ஸ்கூலில் படித்தால் ஆர்.டி.ஓ. டெஸ்ட் வேண்டாமாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். 2021-இல் வந்த அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்குத்தான் அந்தச் சலுகை. அவற்றுக்குக் கார் பயிற்சிக்கே ஒரு ஏக்கர் நிலம், சிமுலேட்டர், டிராக் எல்லாம் வேண்டும். விதி 24-இன் சாதாரண ஸ்கூல் கொடுக்கும் படிவம் 5 சான்றிதழ் டெஸ்டுக்கு விலக்கு ஆகாது. 'டெஸ்ட் இல்லாமல் லைசென்ஸ்' என்று எந்த ஓனராவது போர்டு மாட்டியிருந்தால் அங்கே சேராதீர்கள்.

முதல் நாள் மாணவர் வந்ததும் சாவியைக் கொடுக்கும் முன் எல்.எல்.ஆரை வாங்கிப் படியுங்கள். 6 மாதம்தான் செல்லும், காலாவதியானதோடு வருவார்கள். வண்டி வகையையும் பாருங்கள். ஒருமுறை ஒரு அம்மா நான்கு நாள் என் காரை ஓட்டிய பிறகுதான் கவனித்தேன், அவர் கையில் இருந்தது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கான எல்.எல்.ஆர். அந்த நான்கு நாளும் சட்டப்படி அவர் லைசென்ஸ் இல்லாமல்தான் ஓட்டினார். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு 5,000, ஓட்டக் கொடுத்த வண்டிக்காரனான எனக்கும் 5,000 வரை அபராதம் வந்திருக்கும். அன்றிலிருந்து எல்.எல்.ஆர். நகலை வருகைப் பதிவேட்டில் ஒட்டிய பிறகுதான் காரின் கதவைத் திறப்பேன்.